பால் சங்கத்தில் ஒரு பத்து நாள் கணக்கைத் தணிக்கை செய்வது எப்படி?

கிராமத்துப் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைப் புதிதாகத் தணிக்கை செய்யப் போகிறவர் பெரும்பாலும் ரொக்கப் புத்தகத்தைத்தான் முதலில் கேட்பார். வவுச்சர் சரி, வங்கிக் கணக்கு சரி, கையெழுத்து சரி என்று குறித்துக்கொண்டு வந்துவிடுவார். ஆனால் பால் சங்கத்தில் பணம் புத்தகத்துக்குள் வருவதற்கு முன்பே அதன் அளவு தீர்மானமாகிவிடுகிறது. காலையிலும் மாலையிலும் தராசிலும், கொழுப்பை அளக்கும் கண்ணாடிக் குழாயான பியூட்டிரோமீட்டரிலும் என்ன எண் பார்க்கப்பட்டது, பதிவேட்டில் என்ன எண் எழுதப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த எண் தவறாக இருந்தால் அதற்குப் பிறகு வருகிற கூட்டல் பெருக்கல் எல்லாம் துல்லியமாகத் தவறாக இருக்கும்.

இந்தக் கட்டுரை தமிழ்நாட்டின் ஆரம்பநிலைச் சங்கங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. உறுப்பினரிடம் பாலை வாங்கி, உள்ளூரில் கொஞ்சம் விற்று, மீதியை மாவட்ட ஒன்றியத்துக்கு அனுப்புகிற சங்கம். கூட்டுறவுத் தணிக்கையில் சேர்ந்தவருக்கும், நிர்வாகக் குழுவுக்குப் புதிதாகத் தேர்வாகிக் கணக்குப் பார்க்க நினைப்பவருக்கும் ஒரே முறைதான். முழு ஆண்டையும் மேலோட்டமாகப் பார்ப்பதை விட, ஒரு பத்து நாள் பட்டுவாடாவை எடுத்து அடிவரை பார்ப்பது நல்லது. அதில் ஏதாவது தட்டுப்பட்டால் பின்னோக்கிப் போகலாம்.

முதலில் எந்தக் காகிதங்கள் வேண்டும்

மாதம் எதுவானாலும் 1–10, 11–20, 21–கடைசி என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எந்தப் பத்து நாள் என்பதைச் சங்கத்துக்குப் போன பிறகு சொல்லுங்கள், முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். அந்தக் காலத்துக்குரிய பால் கொள்முதல் பதிவேடு, உள்ளூர் விற்பனைப் பதிவேடு, சாம்பிள் பால் பதிவேடு, பால் வண்டியோடு போகிற டிரக் ஷீட், ஒன்றியம் கொடுத்த பால் பில், உறுப்பினர் பட்டுவாடாப் பட்டியல், தீவன இருப்புப் பதிவேடு ஆகியவற்றைக் கேளுங்கள்.

இவற்றோடு, பலரும் கேட்காத ஒன்றையும் கேளுங்கள்: அமிலம், அமைல் ஆல்கஹால் இருப்புப் பதிவேடு. ஏன் என்பது பின்னால் விளங்கும்.

டிரக் ஷீட்டைச் சங்கத்திலுள்ள நகலோடு விட்டுவிடக் கூடாது. ஒன்றியத்திலோ குளிர்விப்பு மையத்திலோ இருக்கும் பிரதியையும் வாங்கி ஒப்பிட வேண்டும். வண்டி ஓட்டுநரிடம் கொடுக்கும்போது ஒரு அளவு, அங்கே இறக்கும்போது ஒரு அளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். சங்கத்துப் பிரதியில் பின்னால் திருத்தியிருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

இயந்திரக் கொள்முதல் உள்ள சங்கமாக இருந்தால், அச்சடித்த தாளோடு நிற்காமல் இயந்திரத்தின் நினைவகத்திலிருந்தே தரவை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு ஊற்றலுக்கும் நேரம் இருக்கும். எடை தானாக வந்ததா, கையால் தட்டப்பட்டதா என்பதையும் பல இயந்திரங்கள் குறித்து வைக்கும். மின்சாரம் போன நாளில் கையால் தட்டுவது இயல்பு. தினமும் அதே நாலைந்து உறுப்பினர் எண்களுக்கு மட்டும் கையால் தட்டியிருந்தால் அது மின்சாரப் பிரச்சினை இல்லை.

தராசையும் சோதனையையும் கண்ணால் பாருங்கள்

மாலைக் கொள்முதல் தொடங்குவதற்குச் சற்று முன்னால் சொல்லாமல் போங்கள். காலையை விட மாலையில்தான் பழக்கம் தளரும்.

தராசுக்கு முத்திரை ஆய்வு முடிந்து சான்று இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 5 கிலோ, 20 கிலோ எடைக்கற்களை வைத்துச் சரிபாருங்கள். இரண்டு எடையிலும் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் தராசு 20 கிலோவில் சரியாகவும் 5 கிலோவில் குறைத்தும் காட்டலாம். ஒரு மாடு வைத்திருக்கிற உறுப்பினர் ஊற்றுவது 5 கிலோ பக்கம்தான். காலி வாளியின் எடை கழிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது கிலோவும் லிட்டரும். பாலின் அடர்த்தி 1.028 அளவில் இருப்பதால் 1 லிட்டர் பால் ஏறத்தாழ 1.03 கிலோ. தராசு கிலோவில் எடுத்து, 1.03-ஆல் வகுத்து, லிட்டராகக் காட்டும்படி அமைத்திருப்பார்கள். அந்த எண் இயந்திரத்தில் என்னவாக வைக்கப்பட்டிருக்கிறது என்று திறந்து பாருங்கள். கூடவே தசமத்தையும் கவனியுங்கள். 6.48 லிட்டரை 6.4 என்று வெட்டி எழுதுகிற வழக்கம் இருந்தால் ஊற்றலுக்குச் சராசரியாக 50 மில்லி போகிறது. பத்து நாளில் 1,200 ஊற்றல் நடக்கிற சங்கத்தில் அது ஏறக்குறைய 60 லிட்டர். இது மோசடியாகவே இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் அந்தப் பால் எங்கேயாவது வரவாகத் தெரிய வேண்டும்.

இனி கொழுப்புச் சோதனை. கெர்பர் முறையில் பியூட்டிரோமீட்டரில் முதலில் 10 மி.லி. கந்தக அமிலம், பிறகு பிப்பெட்டில் 10.75 மி.லி. பால், கடைசியாக 1 மி.லி. அமைல் ஆல்கஹால். பாலைக் குழாயின் பக்கவாட்டில் மெதுவாக விட வேண்டும். அடைப்பானைப் போட்டு, தயிர்த்துகள் எல்லாம் கரையும் வரை குலுக்கி, மைய விலக்கியில் நிமிடத்துக்கு 1,100 சுற்று வேகத்தில் நாலைந்து நிமிடம் சுற்ற வேண்டும். பிறகு 65 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் வைத்துப் படிக்க வேண்டும். கொழுப்புத் தூணின் அடிமட்டத்தை ஒரு முழுக் கோட்டுக்குக் கொண்டுவந்து, மேலே வளைவின் அடிப்பகுதி எங்கே நிற்கிறதோ அதைக் குறிக்க வேண்டும்.

சோதனை ஒழுங்காக நடந்திருந்தால் கொழுப்புத் தூண் தெளிந்த மஞ்சளாக இருக்கும். கறுத்தோ அடியில் கரித்துகளோடோ இருந்தால் அமிலம் அதிக வீரியம், அல்லது பால் சூடாக இருந்திருக்கிறது. வெண்மையான துகள்கள் தூணுக்கடியில் நின்றால் அமிலம் வீரியம் குறைந்தது. அமிலப் புட்டியைத் திறந்தே வைத்திருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்து அது நீர்த்துவிடும். இந்த நிலையில் வரும் ரீடிங் எதையும் நம்ப முடியாது. வெந்நீர்த் தொட்டி ஆறிப்போயிருந்தாலோ, கை மைய விலக்கியை நிதானமாகச் சுற்றினாலோ கொழுப்பு முழுதாக மேலே வராது. அப்போது ரீடிங் குறையும், அது உறுப்பினருக்குத்தான் நட்டம்.

அன்று வந்த பாலில் பத்து உறுப்பினர்களுடைய சாம்பிளை நீங்களே எடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு பியூட்டிரோமீட்டரில் போடச் சொல்லுங்கள். இரண்டு ரீடிங்குக்கும் 0.1-க்கு மேல் வேறுபாடு இருந்தால் சோதிப்பவரின் கை சரியில்லை, திரும்பச் செய்ய வேண்டும். பிறகு அந்தப் பத்து பேருடைய முந்தைய பத்து நாள் மாலை ரீடிங்குகளை எடுத்து ஒப்பிடுங்கள். நீங்கள் நிற்கிற ஒரு நாள் மட்டும் எல்லாருடைய பாலிலும் கொழுப்பு மூன்று நான்கு புள்ளி, அதாவது 0.3, 0.4 ஏறியிருந்தால் மாடுகள் உங்களைப் பார்த்து மகிழ்ந்தன என்று அர்த்தமில்லை.

மின்னணுப் பால் பகுப்பாய்வுக் கருவி இருக்கிற இடத்தில் கவனிக்க வேண்டியது வேறு. பாலில் காற்றுக்குமிழி இருந்தால் அல்ட்ராசோனிக் கருவி தவறாகக் காட்டும். ஆகவே வாளியில் ஊற்றிய உடனே நுரையோடு சாம்பிள் எடுக்கக் கூடாது. கருவிக்குள் திருத்தம் போடுகிற ஓர் அமைப்பு உண்டு. அதில் கொழுப்புக்கு −0.1 என்று யாராவது தட்டிவைத்தால் ஊரிலுள்ள எல்லாப் பாலும் ஒரு புள்ளி இறங்கிவிடும். எந்தத் திருத்தம், எந்தத் தேதியில், யார் முன்னிலையில் போடப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். பசும்பாலுக்கும் எருமைப் பாலுக்கும் தனித்தனி அமைப்பு இருப்பதால், மாற்றாமல் விட்டாலும் ரீடிங் பிசகும். கருவியின் ரீடிங்கைக் கெர்பர் ரீடிங்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே கடைசித் தீர்ப்பு.

கொழுப்புக் கிலோக் கணக்கு

வாங்கிய பாலில் இருந்த கொழுப்பு எத்தனை கிலோ, விற்ற பாலில் போன கொழுப்பு எத்தனை கிலோ என்று பார்ப்பதுதான் இந்தத் தணிக்கையின் முதுகெலும்பு. லிட்டர் கணக்கைத் தண்ணீர் விட்டுச் சரிக்கட்டலாம். கொழுப்புக் கிலோவைத் தண்ணீர் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது.

கணக்கிடும்போது புதியவர்கள் விழுகிற குழி ஒன்று உண்டு. பத்து நாள் ரீடிங்குகளை எல்லாம் கூட்டி எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுப்பார்கள். 20 லிட்டர் ஊற்றுகிறவரின் பால் 3.6, 5 லிட்டர் ஊற்றுகிறவரின் பால் 5.2 என்றால் அந்த முறையில் 4.4 வரும். உண்மையில் கலந்த பாலில் இருப்பது 3.92-தான். ஒவ்வொரு ஊற்றலின் அளவையும் அதன் கொழுப்பையும் பெருக்கிக் கூட்டி, மொத்த அளவால் வகுக்க வேண்டும். விரிதாளில் B நிரலில் லிட்டரும் C நிரலில் கொழுப்பும் இருந்தால்:

```
=SUMPRODUCT(B2:B1201,C2:C1201)/SUM(B2:B1201)
```

இனி ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. விலையும் அப்படித்தான்: கொழுப்பு கிலோவுக்கு 400 ரூபாய், கொழுப்பல்லாத திடச்சத்து, அதாவது எஸ்.என்.எஃப், கிலோவுக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

சங்கம் கெர்பர் முறையில் சோதிக்கிறது. பத்து நாளில் காலையில் 700 ஊற்றல், 3,500 லிட்டர். மாலையில் 500 ஊற்றல், 2,500 லிட்டர். மொத்தம் 6,000 லிட்டர். எடையிட்ட சராசரிக் கொழுப்பு 4.1. உள்ளூரில் விற்றது காலை மாலை 300 லிட்டர் வீதம் 600 லிட்டர். ஒன்றியத்துக்கு அனுப்பியது 5,400 லிட்டர். லாக்டோமீட்டர் அளவு சராசரியாக 28, எனவே அடர்த்தி 1.028.

வாங்கிய 6,000 லிட்டர் 6,168 கிலோ ஆகிறது. அதில் 4.1 விழுக்காடு என்றால் கொழுப்பு 252.9 கிலோ. உள்ளூர் விற்பனை 616.8 கிலோ பால், அதில் கொழுப்பு 25.3 கிலோ. மீதம் 227.6 கிலோ கொழுப்பு ஒன்றியத்துக்குப் போயிருக்க வேண்டும்.

ஒன்றியத்தின் பில்லைப் பாருங்கள். எடை 5,535 கிலோ, கொழுப்பு 4.3, ஆக 238 கிலோ. அனுப்பியதாகக் கணக்கு வருகிற 5,551 கிலோவில் 16 கிலோ குறைவு. கேனில் ஒட்டியது, வழியில் சிந்தியது என்று இதை ஏற்கலாம். ஆனால் கொழுப்பு 10.4 கிலோ அதிகம். வாங்காத கொழுப்பைச் சங்கம் விற்றிருக்கிறது!

இந்த இடத்தில் பல தணிக்கையாளர்கள் 'லாபம்தானே' என்று தாண்டிப்போவார்கள். குறைவு வந்தால் கேள்வி கேட்பவர்கள் மிகுதி வந்தால் கேட்பதில்லை. ஆனால் பாலில் கொழுப்பு தானாக முளைக்காது. மிகுதி வந்திருந்தால் உறுப்பினர் பாலை வாங்கும்போது குறைத்து எழுதியிருக்கிறார்கள் என்பதே அதன் நேர்ப்பொருள். கொஞ்சம் மிகுதி வருவதற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. பியூட்டிரோமீட்டரில் 4.15 நின்றால் 4.1 என்றுதான் எழுதுவார்கள். இப்படிச் சராசரியாக அரைப் புள்ளி, அதாவது 0.05 போகும். 5,551 கிலோவுக்கு அது 2.8 கிலோ. மீதமுள்ள 7.6 கிலோவுக்குக் காரணம் தேட வேண்டும்.

ஒரு பத்து நாளை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒன்றியத்தின் சோதனையிலும் பிழை வரலாம். அடுத்தடுத்து மூன்று பட்டுவாடாக் காலங்களில் இதே பக்கம் இதே அளவு சாய்ந்தால் காரணம் சங்கத்துக்குள்தான் இருக்கிறது.

எந்த வேளையில் கசிகிறது?

மொத்தத்தைக் காலை, மாலை என்று பிரித்துப் போடுங்கள். நமது சங்கத்தில் பதிவேட்டின்படி காலைச் சராசரி 4.1, மாலைச் சராசரியும் 4.1. ஒன்றியத்தின் டிரக் ஷீட்டில் காலை 4.1, மாலை 4.6.

இதில் பதிவேட்டு எண்தான் விசித்திரம். இரண்டு கறவைக்கு நடுவே இடைவெளி குறைந்தால் கொழுப்பு கூடும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கறந்துவிட்டுப் பிற்பகல் மூன்று நான்குக்கு மறுபடி கறக்கிற ஊரில் மாலைப் பாலில் கொழுப்பு காலையை விட அதிகமாகவே இருக்கும். மாடு வளர்க்கிற எவருக்கும் இது தெரியும். இரண்டு வேளையும் ஒன்றாக இருக்கிறது என்றால் மாலையில் சோதனை நடந்ததா என்பதே சந்தேகம்.

இப்போது அமில இருப்புப் பதிவேட்டை எடுங்கள். 1,200 சோதனை நடந்திருந்தால் அமிலம் 12 லிட்டர், அமைல் ஆல்கஹால் 1.2 லிட்டர் செலவாகியிருக்க வேண்டும். நமது சங்கத்தில் அமிலம் 7 லிட்டர்தான் செலவு, ஆல்கஹால் 700 மில்லி. அது சரியாக 700 சோதனைக்குரியது, காலை ஊற்றல்களின் எண்ணிக்கை. மாலையில் யாரும் பியூட்டிரோமீட்டரைத் தொடவில்லை. காலை ரீடிங்கைப் பார்த்து மாலைக் கட்டத்தில் எழுதிவிட்டார்கள்.

பதிவேட்டை இனி உறுப்பினர் வாரியாகப் புரட்டினால் அதே உண்மை பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஒரே மாடு வைத்திருக்கிறவரின் ரீடிங் நாளுக்கு நாள் இரண்டு மூன்று புள்ளி ஏறி இறங்குவதுதான் இயல்பு. இங்கே ஒவ்வொரு நாளும் காலை எண்ணும் மாலை எண்ணும் இரட்டைப் பிள்ளைகள். வேறு சங்கங்களில் வேறு மாதிரி வரும்: எல்லா ரீடிங்கும் .0, .5 என்றே முடியும், அல்லது இருபது வேளையும் 4.0 மாறாமல் நிற்கும். கையெழுத்தும் மையும் பத்து நாளுக்கும் ஒரே சீராக இருந்தால் ஒரே இருப்பில் எழுதியது. பதிவேட்டில் மாட்டு வாசனையும் பால் கறையும் இல்லாமல் பளிச்சென்று இருப்பதும் நல்ல அறிகுறி இல்லை.

மாலை உறுப்பினர்களுக்கு நட்டம் எவ்வளவு? 2,500 லிட்டர் என்பது 2,570 கிலோ. அதில் 0.5 விழுக்காடு என்றால் 12.85 கிலோ கொழுப்பு, 400 ரூபாய் வீதம் 5,140 ரூபாய். தினமும் மாலையில் 5 லிட்டர் ஊற்றுகிற ஒருவருக்குப் பத்து நாளில் ஏறக்குறைய 103 ரூபாய். இந்தப் பணம் யார் பையிலும் போகாமல் சங்கத்தின் வியாபார லாபமாகவே நின்றிருக்கலாம். ஆண்டு முடிவில் அது போனஸாகப் பிரியும்போது காலையில் மட்டும் ஊற்றுகிறவருக்கும் போகும். அதனால் 'சங்கத்துப் பணம் சங்கத்திலேயே இருக்கிறது' என்ற பதிலை ஏற்க வேண்டாம்.

கணக்கு அச்சாகப் பொருந்தினால்

நமது கணக்கில் இன்னொன்றும் உறுத்த வேண்டும். வாங்கியது 6,000, விற்றது 600, அனுப்பியது 5,400. ஒரு லிட்டர் கூடப் பிசகவில்லை. நிஜமான கொள்முதல் நிலையத்தில் இப்படி வராது.

சாம்பிள் பாலை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஊற்றலிலும் அளப்பதற்கு முன் 50 மில்லி எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் சோதனைக்குப் போவது 10.75 மில்லி. மீதி 39 மில்லி நல்ல பால்தான். 1,200 ஊற்றலுக்கு 47 லிட்டர். தசமத்தை வெட்டுகிற வழக்கமும் இருந்தால் அந்த 60 லிட்டரும் சேரும். பத்து நாளில் நூறு லிட்டருக்கு மேல் பதிவேட்டுக்கு வெளியே பால் இருக்கிறது. சாம்பிள் பால் பதிவேட்டில் அது வரவாகி விற்ற பணம் ரொக்கப் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் உள்ளூர் விற்பனையைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள டீக்கடையில் தினம் எத்தனை லிட்டர் வாங்குகிறார்கள் என்று கேட்டாலே பாதி விடை கிடைக்கும்.

மிகுதிக்குப் பதில் கொழுப்பு குறைந்து வந்தால் லாக்டோமீட்டர் அளவையும் சேர்த்துப் படியுங்கள். கொழுப்பு விழுக்காடும் எஸ்.என்.எஃப் விழுக்காடும் ஒரே விகிதத்தில் இறங்கி, அளவு மட்டும் கூடியிருந்தால் தண்ணீர். அப்போது கொழுப்புக் கிலோ மாறியிருக்காது. கொழுப்பு மட்டும் இறங்கி லாக்டோமீட்டர் அளவு ஏறியிருந்தால் மேலாடையை எடுத்திருக்கிறார்கள், அல்லது கேனில் நின்று மேலே மிதந்த கொழுப்பான பாலை மொண்டு உள்ளூரில் விற்றிருக்கிறார்கள். இரண்டும் இல்லையென்றால் குளிர்விப்பு மையத்தில் சாம்பிள் எடுத்த முறையைப் பாருங்கள். கேனை மேலும் கீழுமாக நன்றாகக் கலக்காமல் எடுத்தால் ரீடிங் எந்தப் பக்கமும் போகும்.

உறுப்பினர் பில்லைத் திரும்பப் போடுவது

பட்டுவாடாப் பட்டியலிலிருந்து பதினைந்து இருபது பேரை எடுத்து அவர்களுடைய பில்லை நீங்களே முதலிலிருந்து போடுங்கள். அதிகம் ஊற்றுகிறவர்கள், மிகக் குறைவாக ஊற்றுகிறவர்கள், நிர்வாகக் குழுவினர், பணியாளர்களின் உறவினர் என்று கலந்து எடுக்க வேண்டும்.

ஒரு ஊற்றலைப் பார்ப்போம். 6.5 லிட்டர், கொழுப்பு 4.1, லாக்டோமீட்டர் 28. எஸ்.என்.எஃப் காண லாக்டோமீட்டர் அளவை 4-ஆல் வகுத்து, கொழுப்பின் 0.2 மடங்கைக் கூட்டி, ஒரு மாறிலியைச் சேர்ப்பார்கள். மாறிலி 0.36 என்று வைத்தால் 7 + 0.82 + 0.36 = 8.18. மாறிலியும் பெருக்கெண்ணும் லாக்டோமீட்டர் எந்த வெப்பநிலைக்கு அமைந்தது என்பதைப் பொறுத்து மாறும். எனவே ஒன்றியத்தின் சுற்றறிக்கையில் இருப்பதையே எடுங்கள். பாலின் சூடு அந்த வெப்பநிலையை விட ஒரு டிகிரி கூடினால் லாக்டோமீட்டர் அளவோடு ஏறத்தாழ 0.2 கூட்ட வேண்டும். கறந்த சூட்டோடு வந்த பாலுக்கு இதைச் செய்யாமல் விடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

6.5 லிட்டர் 6.682 கிலோ. கொழுப்பு 0.274 கிலோவுக்கு 109.58 ரூபாய், எஸ்.என்.எஃப் 0.547 கிலோவுக்கு 136.65 ரூபாய். மொத்தம் 246.23. இதே பாலுக்குக் கொழுப்பை 4.0 என்று எழுதியிருந்தால் 243.22. ஒரு புள்ளிக்கு ஒரு ஊற்றலில் 3 ரூபாய்.

நீங்கள் போட்ட தொகைக்கும் பட்டியலுக்கும் வித்தியாசம் வந்தால் முதலில் விலைப்பட்டியலின் தேதியைப் பாருங்கள். விலை உயர்ந்த நாளிலிருந்து இயந்திரத்தில் புதிய பட்டியல் ஏற்றப்பட்டதா, இல்லை நாலைந்து நாள் பழைய விலையே ஓடியதா? 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32-இலிருந்து 35 ரூபாயானது. 2023 டிசம்பரில் அரசு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. இப்படிப்பட்ட தேதிகளை ஒட்டிய பட்டுவாடாக்களைத் தவறாமல் எடுத்துப் பாருங்கள். ஊக்கத்தொகையைத் தனி நிரலில் காட்டியிருக்கிறார்களா, அரசிடமிருந்து வந்த தொகையும் உறுப்பினர்களுக்குப் போன தொகையும் பொருந்துகிறதா என்பது தனிக் கேள்வி.

அடுத்து பிடித்தங்கள். தீவனத்துக்காகப் பிடித்த மூட்டைகளின் எண்ணிக்கையும் இருப்புப் பதிவேட்டில் வெளியே போன மூட்டைகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். மாட்டுக்கடன் தவணை பிடித்திருந்தால் அது வங்கிக்குச் செலுத்தப்பட்டதா என்று வங்கி ரசீதோடு பாருங்கள். உறுப்பினரிடம் பிடித்துவிட்டு வங்கியில் கட்டாமல் விட்டால் வட்டி அவர் தலையில் ஏறும், நோட்டீஸ் வரும்வரை அவருக்குத் தெரியாது.

வங்கி வழியாகப் பணம் போகிற சங்கத்தில், பட்டியலைக் கணக்கு எண் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். இரண்டு உறுப்பினர் எண்களுக்கு ஒரே வங்கிக் கணக்கு வந்தால் கணவன் மனைவியா, வேறு யாராவதா என்று விசாரியுங்கள். ரொக்கமாகக் கொடுக்கிற சங்கத்தில் வாங்காத தொகை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பட்டுவாடா ஆகாத தொகை சங்கக் கணக்கில் பொறுப்பாக நிற்க வேண்டும், செயலாளர் மேசை இழுப்பறையில் இல்லை. பட்டியலில் கையெழுத்து இருந்தும் உறுப்பினர் பாஸ்புத்தகத்தில் பதிவு இல்லாவிட்டால் வீட்டுக்கே போய்க் கேட்பதுதான் வழி.

வியாபாரியின் பால் உறுப்பினர் பெயரில் வருவதும் இங்கேதான் பிடிபடும். இரண்டு கறவை மாடு வைத்திருப்பவர் தினமும் 45 லிட்டர் ஊற்றுவதில்லை. மாடு சினையாகி வற்றுகிற மாதங்களில் அளவு இறங்க வேண்டும். ஆண்டு முழுதும் ஒரே அளவு வந்தால் அது ஒரே வீட்டு மாட்டின் பால் இல்லை. அவர் வாங்கிய தீவனத்தையும், மாட்டுக் காப்பீட்டையும் சேர்த்துப் பார்த்தால் போதும்.

எழுதும்போது

தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-இன் பிரிவு 80 தணிக்கையைப் பற்றியது. குறை பெரிதாக இருந்தால் பிரிவு 81-இன்படி விசாரணையும், இழப்புக்குப் பொறுப்பானவர் மேல் பிரிவு 87-இன்படி தண்டத்தீர்வையும் வரலாம். அந்தக் கட்டத்தில் உங்கள் அறிக்கைதான் முதல் சான்று. ஆகவே 'கொழுப்புச் சோதனை முறையாக நடைபெறவில்லை' என்று பொதுவாக எழுதி விட்டுவிடாதீர்கள்.

மேலே பார்த்த சங்கத்துக்கு எழுத வேண்டியது இது: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை மாலையில் 500 ஊற்றல்களுக்கு ரீடிங் பதிவாகியுள்ளது, அதே காலத்தில் அமிலச் செலவு 7 லிட்டர், அது 700 சோதனைக்கே போதும், மாலை ரீடிங்குகள் காலை ரீடிங்குகளை ஒத்துள்ளன, ஒன்றியத்தின் மாலைச் சராசரி 4.6, சங்கத்தின் மாலைச் சராசரி 4.1, உறுப்பினர்களுக்குக் குறைவாக வழங்கப்பட்ட கொழுப்பு 12.85 கிலோ. உறுப்பினர் வாரியான பட்டியலை இணைப்பாக வையுங்கள், டிரக் ஷீட் நகலில் எண்ணும் தேதியும் இருக்கட்டும். அனுமானத்தையும் ஆதாரத்தையும் ஒரே வரியில் கலக்க வேண்டாம். சோதிப்பவர் மாலையில் வரவே இல்லையா, வந்தும் செய்யவில்லையா, செயலாளர் சொல்லித்தான் எழுதினாரா என்பது விசாரணையில் தெரிய வேண்டியது, உங்கள் அறிக்கையில் ஊகமாக வரக் கூடாது.

செயலாளரின் விளக்கத்தையும் எழுத்தில் வாங்கி அப்படியே சேருங்கள். 'அமிலம் பக்கத்துச் சங்கத்தில் கடன் வாங்கினோம்' என்று அவர் சொல்லலாம். அப்படியானால் அந்தச் சங்கத்தின் இருப்புப் பதிவேட்டில் 5 லிட்டர் வெளியே போனதாகப் பதிவு இருக்க வேண்டும். அதையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து அறிக்கையில் கையெழுத்துப் போடுங்கள்.